ஒரு வரிக்கு ஒரு வரி: கிரியோன் தோற்கும் இடம்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் இருவர் ஆளுக்கொரு வரியாக மாறி மாறிப் பேசும் பகுதிகள் உண்டு. வெட்டுக்கு வெட்டாக வரும் இந்தப் பேச்சில், கூர்மையான பதிலைச் சொன்னவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கி.மு. 441 வாக்கில் சோஃபக்கிளீஸ் எழுதிய ‘ஆன்டிகனி’யில் மன்னன் கிரியோனும் மகன் ஹேமோனும் மோதும் காட்சி வேறொன்றைக் காட்டுகிறது. முதலில் இருவரும் நாற்பது வரி அளவுக்கு நீளமாகப் பேசுகிறார்கள். பிறகு பேச்சு ஒற்றை வரிகளாகச் சுருங்குகிறது. தொடக்கத்தில் கேள்வி கேட்பவன் கிரியோன். விசாரணை அவன் பிடியில் இருக்கிறது. தன் தடையை மீறிச் சகோதரனை அடக்கம் செய்த ஆன்டிகனி குற்றவாளி இல்லையா என்று கேட்கிறான். தீப்ஸ் மக்கள் அப்படி நினைக்கவில்லை என்கிறான் மகன். அந்தப் பதிலோடு விசாரணை திசைமாறுகிறது. அடுத்து கிரியோன் கேட்பதெல்லாம் அவளைப் பற்றியவை அல்ல, தன் ஆட்சியுரிமையைப் பற்றியவை. கேள்வி கேட்பவன் அவனேதான், ஆனால் விசாரிக்கப்படுபவனும் இப்போது அவனே. ஆளில்லாத நாட்டை நீ தனியாக நன்றாக ஆளலாம் என்று மகன் சொன்னதும் கிரியோன் அவனோடு பேசாமல் சுற்றியிருப்பவர்களிடம், இவன் பெண்ணுக்காக வாதாடுகிறான் என்கிறான். முகத்தைத் திருப்பும் அந்த ஒரு வரியில் அவன் பிடி தளர்ந்தது தெரிந்துவிடுகிறது. அதன்பின் அவனிடம் மிஞ்சுவது வசைதான்.

ஆளுக்கொரு வரி என்பது வெறும் மரபு, அதில் அதிகார மாற்றத்தைத் தேடுவது வீண் என்று மறுக்கலாம். மரபுதான். யூரிப்பிடிஸின் ‘அயோன்’ நாடகத்தில் ஏறத்தாழ நூறு வரி இப்படியே ஓடுகிறது. அங்கே சில வரிகள் எதிராளிக்கு முறைவிடுவதற்காக மட்டுமே இருப்பதுபோல் தோன்றும். தகவல் கைமாறுகிறது, அதிகாரம் அசையவில்லை. ஆனால் கிரியோன் இளையவனிடம் பாடம் கேட்பதா என்று சீறியவன். அவனை அதே இளையவனோடு சம அளவில் நிறுத்துவதால் இங்கே மரபே சூடு பெறுகிறது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒற்றை வரியில் விளக்கத்துக்கு இடமில்லை. நீண்ட உரையில் தந்தையின் நலன் கருதி நிதானமாகப் பேசிய ஹேமோன், இங்கே சொல்லம்பு தொடுப்பவனாகிவிடுகிறான். அவள் சாவு இன்னொருவரையும் அழிக்கும் என்று அவன் சொல்வதைத் தனக்கு விடுத்த மிரட்டலாகக் கிரியோன் எடுத்துக்கொள்கிறான். மகன் தன் சாவைச் சொல்லியிருக்கக்கூடும் என்று நிறுத்தி யோசிக்க அந்த வேகம் விடுவதில்லை. நாடகத்துக்கு அது லாபம், வாதத்துக்கு நட்டம்.

இத்தனைக்கும் பிறகு மகன் எதைச் சாதித்தான் என்று கேட்கலாம். அவளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவன் வெளியேறியதும் கிரியோன் அவளுடைய சகோதரி இஸ்மெனியை விடுவிக்கிறான். ஆன்டிகனிக்கும் தண்டனை மாறுகிறது. முதலில் அறிவித்தது ஊரறியக் கல்லெறிந்து கொல்வது. இப்போது கொஞ்சம் உணவோடு பாறைக் குகையில் அடைப்பது. ஊருக்குத் தீட்டு வரக்கூடாது என்பதற்காக அந்த உணவு என்கிறான். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை: கல்லெறிய ஊர் வேண்டும், அந்த ஊர் தன் பக்கம் இல்லை என்று சற்று முன்புதான் கேட்டிருக்கிறான்.