சரிசெய்த சராசரியை எவ்வளவு நம்பலாம்?

கல்வியியல் ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் அமைப்பு ஒன்று உண்டு. ஒரே பள்ளியில் எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொள்கிறார்கள். 'அ' பிரிவுக்கு அறிவியல் பாடம் ஒன்றைக் கருத்து வரைபடம் வழியாக நடத்துகிறார்கள். 'ஆ' பிரிவுக்கு அதே பாடம் வழக்கமான விரிவுரையாகப் போகிறது. பாடத்துக்கு முன்பும் பின்பும் ஒரே வினாத்தாள். முன்தேர்வை இணைமாறியாக வைத்து, பின்தேர்வு மதிப்பெண்களை ஆன்கோவாவால் ஒப்பிடுகிறார்கள். வேறுபாடு குறிப்பிடத்தக்கது என்று வந்துவிட்டால், புதிய முறை சிறந்தது என்று முடிவுரை எழுதப்படுகிறது.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிரிவுக்கு 40 பேர், தேர்வு 50 மதிப்பெண்ணுக்கு. முன்தேர்வில் 'அ' பிரிவின் சராசரி 18, 'ஆ' பிரிவுக்கு 14. பின்தேர்வில் 30, 26. பின்தேர்வை மட்டும் பார்த்தால் 'அ' பிரிவு 4 மதிப்பெண் முன்னே நிற்கிறது. யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்த்தால் இருவருக்கும் 12தான், வேறுபாடே இல்லை. ஆன்கோவா மூன்றாவது விடையைத் தரும். பிரிவுகளுக்குள் முன்தேர்வில் ஒரு மதிப்பெண் கூடும்போது பின்தேர்வு 0.6 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த முன்தேர்வுச் சராசரி 16. அதைவிட 'அ' பிரிவு 2 கூடுதல் என்பதால் அதன் 30இலிருந்து 1.2 கழியும், 'ஆ' பிரிவின் 26உடன் 1.2 சேரும். சரிசெய்த சராசரிகள் 28.8, 27.2. வேறுபாடு 1.6.

இந்த முரணைத்தான் ஃபிரெடரிக் லார்ட் 1967இல் எடுத்துக்காட்டினார். தரவு ஒன்றுதான், கணக்கிலும் பிழையில்லை, விடைகள் மட்டும் வேறு. எந்த விடையை ஏற்பது என்பதைத் தரவு சொல்லாது. பிரிவுகள் எப்படி உருவாயின என்பதே சொல்லும்.

மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்திருந்தால் ஆன்கோவாவுக்கு இணையில்லை. அப்போது முன்தேர்வில் தெரியும் வேறுபாடு தற்செயலானது; அதை இந்த முறை நேர்மையாகக் கழித்துவிடும். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒட்டுறவு 0.7 என்றால், விளக்கப்படாத மாறுபாடு ஏறக்குறையப் பாதியாகிவிடும். மாணவர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்குச் சமமான ஆதாயம் இது. முன்னேற்ற மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டால் இந்த அளவு துல்லியம் கிடைக்காது.

ஆனால் நம் ஆய்வேடுகளில் குலுக்கல் அரிது. தலைமையாசிரியர் தரும் பிரிவுகளே குழுக்கள். அந்தப் பிரிவுகள் பழைய மதிப்பெண்ணைப் பார்த்தோ, பயிற்றுமொழியைப் பார்த்தோ பிரிக்கப்பட்டிருக்கலாம். இங்கேதான் முன்தேர்வின் தரம் முக்கியமாகிறது. இன்னும் நடத்தாத பாடத்தில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 50 வினாக்களைக் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்கும் சராசரியாக 12.5 வரும். 'ஆ' பிரிவின் 14இல் பெரும்பகுதி ஊகமாகவே இருக்கக்கூடும். இப்படி ஊகம் கலந்த அளவீடு சாய்வைத் தாழ்த்தும். மாணவர்களிடையே இருந்த உண்மையான வேறுபாடு அப்படியே பின்தேர்வுக்கும் தொடர்ந்தது, அதாவது உண்மைச் சாய்வு 1, என்று கொள்வோம். முன்தேர்வின் நம்பகத்தன்மை 0.6 என்றால் நமக்குக் கிடைக்கும் சாய்வு 0.6 ஆகத் தேய்ந்துவிடும். அப்படியானால் மேலே கண்ட 1.6 முழுவதும் அளவீட்டுப் பிழை தந்த பரிசு. கருத்து வரைபடத்துக்கு அதில் பங்கே இல்லை. நல்ல பிரிவுக்குப் புதிய முறையைக் கொடுத்தால் இந்தப் பிழை எப்போதும் அதற்குச் சாதகமாகவே சாயும் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஆகவே முன்தேர்வின் நம்பகத்தன்மை எண் இல்லாத ஆய்வேட்டில் சரிசெய்த சராசரியை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டு பிரிவுகளிலும் சாய்வு ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஆய்வேடுகளில் சோதிக்கப்படாமலே போகிறது. ஆர் மென்பொருளில் இதற்கு இரண்டே வரிகள் போதும்:

```
m1 <- lm(post ~ pre + method)
anova(m1, lm(post ~ pre * method))
```

சாய்வுகள் வேறு என்று தெரிந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. பின்தங்கிய மாணவருக்கு மட்டும் இந்த முறை உதவியது என்பது, ஒற்றைச் சராசரியைவிட ஆசிரியருக்குப் பயன்படும் செய்தி.

எந்தக் கணக்காலும் தீராத குறை இன்னொன்று. ஒரு முறைக்கு ஒரே வகுப்பு என்றால், முறையின் விளைவையும் அந்த வகுப்பின், ஆசிரியரின் விளைவையும் பிரிக்க முடியாது. 80 மாணவர்கள் இருந்தாலும் உண்மையில் ஒப்பிடப்படுபவை இரண்டு வகுப்புகள். புதிய முறையை ஆய்வாளரே ஆர்வத்தோடு நடத்தி, பழைய முறையைப் பள்ளி ஆசிரியரிடம் விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்கு வழி உண்டு. அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் இரண்டு பிரிவுகளையும் சேர்த்து, குலுக்கலில் பிரித்து, இரு குழுக்களுக்கும் ஒரே ஆசிரியரை நடத்தச் சொல்லலாம். பள்ளி அதற்கு இசையாவிட்டால் நான்கைந்து பள்ளிகளில் வகுப்புவாரியாகக் குலுக்கலாம். அதுவும் கைகூடாதபோது, காலாண்டுத் தேர்வின் அறிவியல் மதிப்பெண்ணையும் இணைமாறியாகச் சேர்க்கலாம். நடத்திய பாடத்தில் எழுதிய தேர்வு என்பதால் அதில் ஊகம் குறைவு. கூடவே, முன்னேற்ற மதிப்பெண் ஒப்பீட்டையும் ஆன்கோவாவையும் ஒரே அட்டவணையில் அருகருகே தரவேண்டும். இரண்டும் வெவ்வேறு விடை சொன்னால், பிரிவுகள் எப்படி அமைந்தன என்பதை வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் முதல் கேள்வியாகவே கேட்கலாம்.