ஆறாயிரமும் எட்டாயிரத்து ஐந்நூறும்

கீழமாசி வீதி மொத்தக்கடைக்கு உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறைக்கடைக்காரர் ஒருவர் பாக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரே எழுதிய கடன் ஒப்புதல் கடிதத்தின் முதல் பிரதி: "அண்ணாச்சி கடைக்கு உள்ள பாக்கியை மாதம் ஆறாயிரம் வீதம் கூடிய சீக்கிரம் கொடுத்துவிடுகிறேன்." மனசு நல்லது, ஆனால் எந்தப் பாக்கி, எவ்வளவு, எப்போது முடியும் என்பதற்கு அதில் பதிலில்லை.

தேறிய பிரதி இப்படித் தொடங்கும்: "12.08.2023 தேதியிட்ட பில்படி நான் வாங்கிய சரக்குக்கு, இன்றைய தேதியில் ரூ.74,500 (எழுபத்து நான்காயிரத்து ஐந்நூறு) தங்களுக்கு நான் தர வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்."

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'இன்றைய தேதியில்'. சரக்கு வாங்கினேன் என்பது பழைய செய்தி. கடன் இன்றும் நிற்கிறது என்பதுதான் ஒப்புதல். கடன் தவணை தனியாகப் பேசப்படாத சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் வழக்குக்குக் கெடு. அந்தக் கெடுவுக்குள் கையெழுத்தானால், 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் பிறக்கும். ஆகவே 05.02.2026 என்று கையெழுத்தின் கீழே கடனாளியே தேதி போடுவது அழகுக்காக அல்ல. கெடு தாண்டிப் போயிருந்தால் ஒப்புதல் மட்டும் போதாது. 'செலுத்துகிறேன்' என்ற வாக்குறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து தவணை. 74,500ஐ ஆறாயிரமாக வெட்டினால் பன்னிரண்டு தவணை போக 2,500 தொங்கும். அதைக் கடைசியில் சேர்த்து, "10.03.2026 முதல் 10.01.2027 வரை மாதம் ரூ.6,000 வீதம் பதினொரு தவணை, 10.02.2027 அன்று ரூ.8,500" என்று எழுதியதில் கணக்கு பிசகாமல் உட்கார்ந்துவிடுகிறது.

ஆனால் வாக்குறுதி நுழைந்ததும் தாளின் சாதியே மாறலாம். குறித்த தொகையை இன்னாருக்கு நிபந்தனையின்றித் தருகிறேன் என்றால் அது புரோநோட்டாகிவிடக்கூடும். முத்திரை குறைந்த புரோநோட்டை, பிறகு அபராதம் கட்டினாலும், சாட்சியத்தில் ஏற்கமாட்டார்கள். எந்த முத்திரை என்பதை வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும்.

"இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும்" என்பது மொத்தக்கடைக்காரருக்கு இனிக்கும் வரி. அதற்கும் ஒரு விலை உண்டு: தவறிய நாளிலிருந்தே முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கலாம். பிந்தி வந்த தவணையைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், அந்த உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. "தாமதத் தவணையைப் பெறுவதால் இவ்வுரிமை போகாது" என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தவர் கைதேர்ந்தவர்.

பின்பக்கம் வரவுக்குக் காலியாக விடப்படுகிறது. ஒவ்வொரு தவணையையும் கடனாளியே தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடனாளியின் கையெழுத்தில்லாமல் மொத்தக்கடைக்காரர் எழுதிக்கொண்ட வரவு கெடுவை நீட்டாது.