எக்ஸ்எக்ஸ்எல் என்றால் அகலம் மட்டும்தானா?

வத்திராயிருப்புப் பக்கம் நைட்டிக்குப் பஞ்சமே இல்லை. நைட்டி தைப்பதற்குப் பேர்போன தளவாய்புரம் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் நான் வாங்கிய பருத்தி நைட்டி, எக்ஸ்எக்ஸ்எல், மூன்றே மாதத்தில் அக்குளில் கிழிந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. ஏன் கிழிந்தது என்பதுதான் விஷயம்.

அதே மாடலில் எல் சைஸையும் எக்ஸ்எக்ஸ்எல்லையும் தட்டையாக விரித்து டேப் பிடித்துப் பார்த்தேன். மார்பு அகலம் 21.5 அங்குலத்திலிருந்து 25 ஆகியிருக்கிறது. தோள் 15-லிருந்து 17.5. ஆனால் கை அகலம் இரண்டிலும் அதே 7.5தான்! என் மார்புச் சுற்று 46; சட்டையின் சுற்று 50. நாலு அங்குலம் தாராளம். கைக்குள்ளே சுற்று 15 அங்குலம்தான், என் மேல்கையோ 16. பாத்திரம் எடுக்கக் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்த ஒரு அங்குலத்துக்கு அக்குள் தையல்தான் பதில் சொல்லியிருக்கிறது.

அதாவது, எல் சைஸை அகலமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உடம்பு பெருக்கும்போது தோள் எலும்பு அந்த அளவுக்கு நீளாது, கைதான் பருக்கும். அதனால்தான் தோள் வழிகிறது, கை பிடிக்கிறது. இதற்கு அக்குளை இன்னும் கீழே இறக்கி வெட்டுவதும் சரிப்படாது. கையைத் தூக்கினால் மொத்த நைட்டியும் கூடவே ஏறும். கையின் அகலம் கூடணும், அதான் வழி.

வெட்டு சரியாக இருந்தாலும் தையலைப் பார்க்காமல் வாங்காதீங்க. உட்புறம் திருப்பி, தையலின் இரண்டு பக்கமும் பிடித்து இழுங்க. நடுவில் நூல் பல்லிளித்தால் அது நிற்காது. பருத்திக்கு ஒரு அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு தையல் இருக்கணும். ஓவர்லாக் மட்டும் போட்டிருந்தால் போதாது. அதற்கு உள்ளே ஒரு நேர்த்தையலும் ஓடணும். என்னுடையதில் அது இல்லை. பிரித்துவிடவும் துணி விடவில்லை.

லெக்கின்ஸுக்குச் சோதனை வேறு. அது இழுபடும் என்பதைக் கடைக்காரரே இழுத்துக் காட்டுவார். திரும்பி வருதா என்பதை நாமதான் பார்க்கணும். முழங்கால் வரும் இடத்தில், குறுக்குவாட்டில் 10 சென்டிமீட்டரை 15 வரை இழுத்து, பத்து எண்ணி விடுங்க. ஒரு நிமிஷம் கழித்தும் பத்தரைக்கு மேலே நின்றால், உட்கார்ந்து எழுந்ததும் முட்டி பை மாதிரி தொங்கும். பருத்தி தானாகத் திரும்பாது, உள்ளே இருக்கும் லைக்ராதான் இழுக்கிறது. சூடான இஸ்திரி அதைக் கொன்றுவிடும்.

கிழிந்த நைட்டியில் அக்குளுக்கு நாலு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைத்தேன். இப்போது கை தாராளமாகத் தூக்க வருகிறது. தோள் இன்னும் வழிகிறது. அதை வெட்டும் மேஜையில்தான் சரிசெய்திருக்க முடியும்.