சேற்றோடு ஒரு சண்டை

பள்ளி விட்டு வரும் வழியில் தங்கை சேற்றில் விழுந்து அழுகிறாள். அண்ணன் அந்தச் சேற்றுக் குட்டையையே குத்தித் துவைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல்கிறான். கடைசியில், சேறு 'சாரி' சொல்லிவிட்டதாக அவளிடம் அறிவிக்கிறான். 2005 வாக்கில் இந்தியாவில் வந்த சர்ஃப் எக்செல் விளம்பரம் இது. 'கறை நல்லது' என்ற வாசகம் தமிழிலும் பரவியது.

இதில் சிக்கல் இரண்டு. தங்கையின் அழுகையை அண்ணனே தீர்க்கிறான். சோப்புத்தூள் அதில் தலையிடுவதில்லை. ஆனால் அந்தப் போராட்டம்தான் அவன் சட்டையிலும் கறையைப் பூசுகிறது. இந்த இரண்டாவது சிக்கலைத் தீர்க்கத்தான் சோப்புத்தூள் வருகிறது. அதற்குள் அந்தக் கறைமீதான கோபம் பார்ப்பவருக்குப் போய்விடுகிறது.

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் வெள்ளைச் சீருடை துவைக்கும் தாய்க்கு இந்தக் கறையை விளக்கத் தேவையில்லை. அதனால் 30 விநாடி விளம்பரத்தில் சிக்கலைக் காட்ட ஐந்து விநாடியே போதும். போராட்டத்துக்குக் குறைந்தது பதினைந்து வேண்டும். மிச்சம் தீர்வுக்கும் பெயருக்கும்.

பல விளம்பரங்கள் சறுக்குவது நடுவில்தான். எட்டாவது விநாடியிலேயே பொட்டலம் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிட்டால், கதாபாத்திரத்துக்குச் செய்ய வேலை இருக்காது. சத்தத்தை அணைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: யார் எதற்காக முயல்கிறார் என்பது புரியாவிட்டால், மீண்டும் வெட்டித் தொகுக்க வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான்.