குறி தப்பிய பலூன்

1987 ஜூன் 12. பெர்லினின் டெம்பல்ஹாஃப் விமான நிலையத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் ஒரு பலூன் டப்பென்று வெடிக்கிறது. 1981இல் நிஜமாகவே துப்பாக்கிக் குண்டு பாய்ந்த மனிதர் அவர். சற்றும் பதறாமல், குறி தப்பிவிட்டது என்கிற பொருளில் இரண்டே சொல் சொன்னார். கூட்டம் ஆரவாரித்தது.

அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருந்தது, அதனால் விளக்கம் தேவைப்படவில்லை. கேலியும் அவர்மீதேதான், பலூன்காரர்மீது அல்ல. பட்டிமன்ற மேடையில் மைக் போனால் ஆபரேட்டரைச் சீண்டுகிற பேச்சாளரை எனக்குப் பிடிப்பதில்லை. அந்த ஆபரேட்டர் ஏற்கெனவே வியர்த்துப்போய் ஒயரைத் தடவிக்கொண்டிருப்பார்.

மைக் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அது செத்திருக்கும்போது சொல்லும் நகைச்சுவை முதல் இரண்டு வரிசையோடு நின்றுவிடும். உயிர் வரும்வரை சிரித்தபடி நின்று, வந்ததும் சொல்ல வேண்டும்: "இவ்வளவு நேரம் நான் பேசினதிலேயே சிறந்த பகுதி அதுதான். நீங்கதான் கேட்கலை!" உடனே விட்ட இடத்துக்குப் போய்விட வேண்டும். இரண்டாவது ஜோக் கோளாறைத்தான் நினைவூட்டும்.

குறிப்புத்தாள் கைநழுவினால், "நல்லவேளை, கீழே விழுந்தது பேச்சு மட்டும்தான்" போதும். யாரும் கவனிக்காத தடுமாற்றத்துக்கு எந்த வரியும் வேண்டாம். ஒருவர் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டாலோ ஜோக்கே கூடாது; திருத்தி, மன்னிப்புக் கேளுங்கள்.