மீதி ஆயுள் விதி: நாளில் கேட்க வேண்டியதை விழுக்காட்டில் கேட்பதன் கோளாறு

ஒரே காலையில் பேரங்காடி ஒன்றின் விநியோகக் கிடங்குக்கு ஜொகூரிலிருந்து இரண்டு லாரிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பத்து பகாட் பிஸ்கட். காலாவதியாக இன்னும் 235 நாள் இருக்கிறது. மற்றொன்றில் ஸ்கூடாய் முறுக்கு. அதற்கு இருப்பது 125 நாள்தான். முறுக்கை இறக்கிக்கொள்கிறார்கள். பிஸ்கட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். கிடங்கு ஊழியர் மேல் தவறில்லை, விதி அப்படித்தான் சொல்கிறது.

சரக்கு கிடங்குக்கு வந்து சேரும்போது அதன் மொத்த ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மீதமிருக்க வேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் நிபந்தனை. பாதி போதும் என்னும் கடைகளும் உண்டு, முக்கால் பங்கு கேட்கும் கடைகளும் உண்டு. 360 நாள் ஆயுளுள்ள பிஸ்கட்டுக்கு 240 நாள் மீதி வேண்டும்; ஐந்து நாள் குறைந்ததால் அது திரும்பியது. 180 நாள் ஆயுளுள்ள முறுக்குக்கு 120 நாள் போதும். ஐந்து நாள் கூடுதலாக இருந்ததால் அது உள்ளே போனது. பொட்டலத்தில் தேதி அச்சிட வேண்டும் என்பது மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகள் சொல்வது. இந்தப் பங்குக் கணக்கோ கடைக்கும் உற்பத்தியாளருக்கும் இடையிலான வணிக ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. எனவே இதை மாற்றுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கடைகள் இப்படி ஒரு விதி வைப்பதில் நியாயம் இருக்கிறது. கிடங்கில் இறங்கிய பெட்டி அங்கே சில நாள் கிடந்து, மெர்சிங்கிலோ சிகாமட்டிலோ உள்ள கிளைக்குப் போய், அடுக்கில் விலைபோய், வாங்கியவர் வீட்டு அலமாரியிலும் சில வாரம் இருக்கும். அத்தனை நாளும் தாங்கும் சரக்கைத்தான் கடை வாங்க முடியும். விதி இல்லாவிட்டால் விற்காமல் தேங்கிய பழைய சரக்கைக் கடையின் தலையில் கட்டிவிடும் ஆசை சில உற்பத்தியாளர்களுக்கு வரும். எழுதி வைத்த எண் இருப்பதால் ஊழியரின் மனப்போக்குக்கும் இடமில்லை, பெரிய நிறுவனத்துக்கும் சின்னப் பட்டறைக்கும் அளவு ஒன்றுதான். முதலில் செய்ததை முதலில் அனுப்பும் ஒழுங்கையும் அது உற்பத்தியாளருக்குப் பழக்குகிறது.

விதி வேண்டுமா என்ற கேள்விக்கு இதுவே பதில், வேண்டும். அது எந்த அளவுகோலில் அளக்கிறது என்பதில்தான் சிக்கல். கடைக்குத் தேவைப்படுவது நாள்கள். ஒரு பொருள் மூன்று வாரத்தில் விற்றுத் தீர்ந்தால் அந்த மூன்று வாரமும், வாங்குபவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும் காலமும் சேர்ந்ததுதான் தேவை. அந்தத் தேவைக்கும் பொருளின் மொத்த ஆயுளுக்கும் தொடர்பில்லை. விழுக்காட்டில் கேட்கும்போது, ஆயுள் நீள நீளக் கடையின் கோரிக்கையும் காரணமில்லாமல் நீள்கிறது. முறுக்குக்காரர் செலவழித்து நல்ல உறை வாங்கி, காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பி, ஆயுளை ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக்கினால், கிடைத்த 180 நாளில் 120 நாள் கடையின் கணக்குக்குப் போகிறது. கடையில் முறுக்கு விற்கும் வேகமோ மாறவேயில்லை.

இந்த விதி சின்ன உற்பத்தியாளரை எப்படி மடக்குகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஸ்கூடாய் முறுக்குக்கு ஆயுள் 180 நாள். செய்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அது கிடங்கில் இறங்கியாக வேண்டும். ஒரு சுவைக்கு மாவும் இயந்திரமும் மாற்றினால் 600 பெட்டியாவது செய்தால்தான் கட்டுபடியாகும். கடை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 250 பெட்டி எடுக்கும் என்று நம்பிச் செய்கிறார். முதல் இரண்டு ஆர்டரில் 500 போகிறது. அதன்பின் விற்பனை மந்தமாகி, அடுத்த ஆர்டர் 55ஆம் நாள்தான் வருகிறது. மீதி 100 பெட்டியோடு புதிதாகச் செய்ததில் 150 பெட்டியையும் சேர்த்து, ஒரே டெலிவரி ஆர்டரில் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு ஏற்றுகிறார். இறக்குவதற்குக் குறித்த நேரம் 58ஆம் நாள். வரிசை நீண்டு லாரி நேரத்தைத் தவறவிட, மறுநேரம் 61ஆம் நாளுக்குக் கிடைக்கிறது. பழைய பெட்டிகளில் இப்போது மீதி 119 நாள். ஒரு பேலட்டில் இரண்டு தேதி கூடாது என்ற நிபந்தனையும் இருந்தால், புதிய 150 பெட்டியும் சேர்ந்தே திரும்புகிறது.

இந்த முறுக்கில் கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் வரும்போதும் போகும்போதும் லாரிக்கூலி அவருடையது. திரும்பிய பழைய சரக்கு ஒவ்வொரு நாளும் தகுதி இழப்பதால், இதே பங்கு கேட்கும் வேறு பேரங்காடிக்கும் அதைத் தர முடியாது. பாசார் மாலாமில் அடிவிலைக்குத் தள்ளலாம், அல்லது தானமாகத் தரலாம். 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பான உணவை நல்லெண்ணத்தோடு தருபவரை வழக்கிலிருந்து காக்கிறது. அது நல்ல சட்டம். ஆனால் நட்டத்தை அது ஈடுகட்டாது. ஆர்டர் மந்தமானது கடையின் விற்பனையால், நேரம் தவறியது கடையின் வாசலில் இருந்த வரிசையால். செலவு மட்டும் முழுக்க அனுப்பியவர் தலையில் விழுகிறது. இதுதான் இந்த விதியின் மிகப்பெரிய அநீதி என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் பாசிர் கூடாங்குக்குச் சரக்கு வரவழைப்பவருக்கு நெருக்கடி இன்னும் கடுமை. கொள்கலன் நிறையக் காத்திருப்பது, கடல் பயணம், துறைமுகச் சோதனை, உள்ளூர் ஒட்டுச்சீட்டு என்று வாரங்கள் கரைகின்றன. ஆறு மாத ஆயுளுள்ள பண்டத்துக்குக் கிடைக்கும் 60 நாளில், மாதிரி எடுத்துச் சோதனைக்கு நிறுத்தினால் எதுவும் மிஞ்சாது.

விழுக்காட்டைத் தளர்த்திப் பார்த்த நாடு ஜப்பான். அங்கே 1990களிலிருந்து ஊன்றிய வழக்கப்படி, ஆயுளின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் சரக்கு கடைக்குப் போய்ச் சேர வேண்டும். நல்ல உணவு வீணாவதைக் கண்டு, 2013இல் பானங்களுக்கும் தின்பண்டங்களுக்கும் அந்தக் கெடுவைப் பாதி ஆயுள்வரை நீட்டிப் பரிசோதித்தார்கள். முன்பு வந்த தேதியைவிடப் பழைய தேதியை ஏற்பதில்லை என்ற இன்னொரு வழக்கத்தைத் தளர்த்த, நீண்ட ஆயுளுள்ள பொருள்களில் நாளை விட்டுவிட்டு ஆண்டையும் மாதத்தையும் மட்டும் அச்சிடும் முறையை ஊக்குவித்தார்கள். பயனுள்ள மாற்றங்கள்தான். ஆனால் பாதி என்பதும் பங்குக் கணக்கே. நம் முறுக்குக்காரருக்கு 60 நாள் 90 ஆகும், 91ஆம் நாள் அதே கதை.

வேறொரு வழியை இந்திய இறக்குமதி விதியில் பார்க்கலாம். 2017ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி, துறைமுகத்தில் விடுவிக்கும்போது ஆயுளில் 60 விழுக்காடு அல்லது மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அது மீதமிருந்தால் போதும். நீண்ட ஆயுளுள்ள பொருளுக்கு மூன்று மாதம் என்ற உச்சவரம்பு தானாக வந்துவிடுகிறது. அரசு விதி வேறு, கடை ஒப்பந்தம் வேறு. ஆனாலும் அந்த வாக்கிய அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஜொகூரின் உற்பத்தியாளர் சங்கங்கள் பேரங்காடிகளிடம் பேசும்போது மூன்று திருத்தம் கேட்கலாம். பங்குக் கணக்குக்கு, பொருளின் விற்பனை வேகத்தை ஒட்டி ஒரு நாள் வரம்பு வேண்டும். மீதி ஆயுளை, லாரி நேரத்துக்கு வந்திருந்தால், முதலில் குறித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். சில நாள் குறைந்தால் முழுதும் திருப்பாமல் குறைந்த பெட்டிகளை மட்டும் பிரித்து, தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளும் பிரிவு ஒப்பந்தத்தில் வேண்டும். தங்கள் பக்க ஆதாரமாக, திரும்பிய ஒவ்வொரு டெலிவரி ஆர்டரிலும் மீதி நாளையும், அந்தப் பொருள் கடையில் விற்றுத்தீர எடுக்கும் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். முதல் எண் இரண்டாவதைப் போலப் பல மடங்கு என்று ஒரு வருடக் கணக்கு காட்டினால், விதி நுகர்வோருக்காகவே இருக்கிறது என்று எந்தக் கடையும் வாதாட முடியாது.