எஞ்சும் கடமை: டபிள்யூ. டி. ராஸின் முதல்நோக்குக் கடமைக் கோட்பாடு

அறத்தை ஒரே உயர்நெறியில் அடக்க இயலாது என்பது 1930இல் வெளிவந்த 'சரியானதும் நல்லதும்' என்னும் நூலில் டபிள்யூ. டி. ராஸ் முன்வைத்த அடிப்படை வாதமாகும். அவர் முதன்மையாக மறுத்தது, மிகுந்த நன்மையை விளைவிக்கும் செயலே கடமை என்ற ஜி. இ. மூரின் கொள்கையை. வாக்குக் கொடுத்தவர், உதவி பெற்றவர், தீங்கிழைத்தவர் என ஒருவர் பிறரோடு கொண்டுள்ள உறவுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கடமையைத் தோற்றுவிக்கின்றன என்றும், அவற்றை நன்மையின் அளவு என்ற ஒன்றாகச் சுருக்கினால் அறத்தின் இயல்பே மறைந்துவிடும் என்றும் அவர் கருதினார். இவற்றையே அவர் முதல்நோக்குக் கடமைகள் என்றார்.

இச்சொல் அவருக்கே மனநிறைவு தரவில்லை. தமிழ்ச் சட்ட வழக்கில் 'முகாந்திரம்' என்று வழங்கப்படுவதும் இதே இலத்தீன் தொடரே. முகாந்திரம் உள்ள வழக்கு, விசாரணைக்குப்பின் அடிப்படையற்றதாகவும் முடியலாம். ராஸ் கூறும் கடமையோ அத்தகைய தோற்றமன்று. வேறொரு கடமை அதனை விஞ்சியபோதும் அது மெய்யாகவே இருக்கிறது. தமிழில் இதனை 'மேலோட்டமான கடமை' எனப் பெயர்த்தால் கோட்பாடே தலைகீழாகிவிடும்.

கடமைகள் முரண்படும்போது முடிவு செய்வது எது? வாக்கைக் காத்தல் கடமை என்பது தன்னிலேயே தெளிவானது. இச்சூழலில் இதைச் செய்வதே கடமை என்பது அவ்வாறு தெளிவானதன்று. அரிஸ்டாட்டிலின் 'நிக்கமாக்கிய அறவியலை' ஆங்கிலத்தில் பெயர்த்தவரான ராஸ், அவர் வழியிலேயே, குறிப்பிட்ட சூழலை நேர்நின்று காணும் உணர்விடம் முடிவை விடுகிறார். தீங்கு செய்யாமை நன்மை செய்தலினும் வலியது என்பது போன்ற சில பொதுக் குறிப்புகளைத் தருகிறாரேயன்றி, நிலையான வரிசை எதையும் தரவில்லை. முன்னுரிமை விதிகள் இல்லை என்பதே இத்தகைய கொள்கைகள்மீது ஜான் ரால்ஸ் 1971இல் வைத்த குறை.

இக்குறையை எதிர்கொள்ள ராஸின் எடுத்துக்காட்டு ஒன்றையே சற்று விரித்து நோக்கலாம். எளிய காரியத்துக்காக நண்பரைச் சந்திப்பதாக வாக்களித்த ஒருவர், வாக்கை மீறினால் விபத்துக்குள்ளானோருக்கு உதவ முடியும். உதவுவதே கடமை என்பதில் ஐயமில்லை. மூரும் அதையே சொல்வார். வேறுபாடு அதற்குப்பின் தொடங்குகிறது. உதவியவருக்கு வெட்கமோ கழிவிரக்கமோ தேவையில்லை. ஆயினும் ஓர் உறுத்தல் இருக்கும், நண்பருக்கு எவ்வகையிலேனும் ஈடுசெய்யும் கடமையும் எழும் என்கிறார் ராஸ். நண்பர் இதற்கென்றே பணம் செலவழித்து வந்திருந்தால் அந்த இழப்பும் இவர் பொறுப்பில் சேரும். விஞ்சப்பட்ட கடமை அழியாமல் வடிவம் மாறி எஞ்சுகிறது.

இந்த எச்சமே கோட்பாட்டின் உண்மையான வலிமை எனலாம். விஞ்சப்பட்ட கடமையையும் தொடக்கத்திலேயே இல்லாத கடமையையும் பிரித்தறிய இது உதவுகிறது. அதே வாக்கை அந்த நண்பர் பொய் சொல்லிப் பெற்றிருந்தால், போகாதவர் விளக்கம் சொல்லவும் கடமைப்பட்டவரல்லர். அங்கு எதுவும் எஞ்சுவதில்லை. முடிவெடுத்தவர் தாம் மீறிய வாக்குக்காக எதையும் செய்ய வேண்டியதில்லை எனக் கருதினால், அவர் கடமைகளை எடைபோடவில்லை, ஒன்றைக் காணவே தவறினார் என்று சுட்டிக்காட்ட முடியும். நேருணர்வு வெறும் விருப்பமன்று. அதன் பிழையைக் கண்டறிய ஒரு வழியேனும் உண்டு.

ராஸ் கையாளும் இயற்பியல் உவமை இவ்விடத்தில் அவருக்கே இடையூறாகிறது. ஒரு பொருளின்மீது பல விசைகள் செயற்படினும் அதன் இயக்கம் அனைத்தின் தொகுபயனாக அமைவதுபோல, முதல்நோக்குக் கடமைகள் கூடி மெய்க்கடமையை உருவாக்குகின்றன என்பது அவர் கருத்து. ஒரு விசை நீங்கியபின் எதிர்விசைக்கு எந்த ஈடும் செய்ய வேண்டியதில்லை. உவமையைப் பற்றிக்கொண்டு ராஸைப் படிப்போர் எடையை மட்டும் காண்பர், எச்சத்தைக் காணார். முன்னுரிமை விதி வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பெரும்பாலும் இவ்வாறு படிப்பதிலிருந்து பிறப்பதே.

எனினும் எச்சம் முடிவைச் சரிபார்க்குமேயன்றி முடிவைத் தராது. ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காத்தால் ஆயிரம் அலகு நன்மை, மற்றொருவருக்கு உதவினால் ஆயிரத்தொன்று எனில், அந்த ஓர் அலகுக்காக வாக்கை மீறக்கூடாது என்று ராஸ் சரியாகவே கூறுகிறார். வேறுபாடு மிகப் பெரிதானால் மீறலாம் என்பதையும் அவர் ஏற்கிறார். எல்லை எங்கே என்று கேட்டால் விடையில்லை. எல்லையைக் குறிக்கப் பொது அளவுகோல் வேண்டும், அதைத்தான் அவர் மறுக்கிறார். ஈடுசெய்யத் தயாராக உள்ள நேர்மையான இருவர் இவ்விடத்தில் மாறுபட்டால், எவர் தவறினார் எனச் சொல்ல எச்சமும் உதவாது. வாக்குப் பெற்றவர் இறந்துவிட்ட நிலையில் சிக்கல் மேலும் கூடுகிறது. விளக்கம் கேட்கவும் ஈட்டைப் பெறவும் அங்கு எவருமில்லை. வாக்கு மட்டும் இருக்கிறது.